மூன்று மணி விழிப்பு எட்டு மணிக்கே தொடங்கிவிடுகிறது

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 67. கும்பகோணம். என் கணவர் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. மகள் பெங்களூரில், மகன் அமெரிக்காவில். பகல் எப்படியோ ஓடிவிடுகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் தாங்க முடியவில்லை. ஒருத்திக்காக அடுப்பு பற்றவைக்க மனசு வரவில்லை. ராத்திரிக்கு ரெண்டு ரஸ்க், அரை டம்ளர் பால், அவ்வளவுதான். எட்டு மணிக்கே படுத்துவிடுகிறேன். ரெண்டு, மூணு மணிக்குத் திடுக்கென்று முழிப்பு வருகிறது. உடம்பெல்லாம் வேர்த்து, படபடவென்று அடித்துக்கொள்கிறது. கேட் கொக்கி விழும் சத்தம் கேட்டு, அவர்தான் வந்துவிட்டார் என்று எழுந்து உட்கார்ந்த நாளும் உண்டு. அவருக்குக் கொடுத்திருந்த அல்பிரஸோலம் மாத்திரை மீதி இருந்தது. வாரத்தில் ரெண்டு நாள் பாதி போட்டுக்கொள்கிறேன். சர்க்கரைக்குக் காலையும் இரவும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. பழைய ரவிக்கையெல்லாம் தொளதொளத்துவிட்டது. வருஷாப்திகம் முடியும்வரை கோயிலுக்குப் போகக் கூடாது என்று ஓரகத்தி சொல்லிவிட்டார். இந்த ராத்திரிகளை எப்படிக் கழிப்பது?

பதில்: அம்மா, கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது அந்த இரண்டு ரஸ்க்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் போடும் மாத்திரையில் இரண்டு மருந்து இருக்கிறது. மெட்ஃபார்மின் சாது, தனியாக இருந்தால் சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியல்ல. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா, இல்லையா என்று அது பார்க்காது. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அதன் வேலை கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க நீடிக்கும். நீங்கள் இரண்டு வேளை போடுகிறீர்கள். உங்களுக்கு அந்த அளவை எழுதிக் கொடுத்தபோது இரவில் நாலு இட்லியோ மூன்று தோசையோ சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள். உடம்பும் நாலைந்து கிலோ கூட இருந்திருக்கும். சாப்பாடு ரஸ்க்காகிவிட்டது, உடம்பும் இளைத்துவிட்டது. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. ஆகவே அந்த மூன்று மணி வேர்வையைத் துக்கம் என்று எழுதிவிட எனக்கு மனமில்லை. சர்க்கரை இறங்கியிருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. துக்கத்தில் வரும் விழிப்பில் நினைப்பு முதலில் வரும், நெஞ்சு அடித்துக்கொள்வது அதற்குப் பிறகு. சர்க்கரை இறங்கினால் உடம்பு முந்திக்கொள்ளும். பிடரியும் ரவிக்கை முதுகும் நனைந்திருக்கும், கை நடுங்கும், காரணம் தெரியாத பயம் வரும். அந்தப் பயத்துக்கு மனசு அப்புறம்தான் ஒரு காரணம் தேடும். உங்கள் வீட்டில் காரணம் தயாராகவே இருக்கிறது, அவர் படுத்த இடம் காலியாக இருக்கிறதே. அதனால்தான் பலர் இதை மாதக்கணக்கில் துக்கம் என்றே எண்ணித் தாங்கிக்கொள்கிறார்கள். காலையில் தலை பாரமாக வலித்தாலும், கெட்ட கனவு கண்டாலும் சந்தேகம் கூடும்.

ஆனால் என் ஊகத்தை நம்பாதீர்கள், விரலில் குத்திப் பாருங்கள். குளுக்கோமீட்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவில் காலாவதித் தேதியைப் பாருங்கள். படுக்கும் முன் ஒரு தடவை, வேர்த்து விழிக்கும்போது ஒரு தடவை. கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ரஸ்க் தொட்ட விரலில் குத்தினால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு கொஞ்சம் மோர்சாதமோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். மீட்டர் கைக்கு எட்டவில்லை, நடுக்கம் அதிகம் என்றால் அளந்துகொண்டிருக்க வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரை முதலில் குடித்துவிடுங்கள். வேர்வையோடு நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் அது வேறு சங்கதி. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

நாளைக் காலையிலேயே உங்கள் சர்க்கரை மருத்துவரைக் கூப்பிட்டு, “ராத்திரி ரெண்டு ரஸ்க்தான் சாப்பிடுகிறேன், உடம்பு இளைத்திருக்கிறது, நடு ராத்திரி வேர்த்து எழுந்துவிடுகிறேன்” என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள். இரவு மாத்திரையை மாற்றலாமா, குறைக்கலாமா என்று அவர் முடிவு செய்வார். அதுவரை ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சாப்பாடு இல்லாமல் அந்த மாத்திரையைப் போடக் கூடாது.

இதைச் சொல்லும்போது, முன்பு என்னிடம் வந்துகொண்டிருந்த 70 வயது அம்மா ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். கணவர் போய் ஆறு மாதம். மூன்று மாதச் சர்க்கரை 6.1 என்ற ரிப்போர்ட்டை மடித்து எடுத்துவந்து, “சர்க்கரை மட்டும் பிரமாதமா இருக்கு டாக்டர்” என்றார். கிளிமிபிரைடு போடும் எழுபது வயதுக்காரரிடம் அந்த எண்ணைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தோஷம் வராது. அந்த வயதில் 7, 7.5 இருந்தாலே போதும். உடம்பு தளர்ந்தவர் என்றால் 8 வரைகூட விட்டுவிடுவோம். 6.1 என்றால் எங்கோ ஒரு நேரத்தில் சர்க்கரை பள்ளத்தில் விழுகிறது என்று அர்த்தம் இருக்கலாம். எடை 61-லிருந்து 55-க்கு வந்திருந்தது. மூன்று மணிக்குக் குத்திப் பார்த்ததில் 58. இரவு மாத்திரையை நிறுத்திவிட்டு, மெட்ஃபார்மினை மட்டும் தொடர வைத்தோம். ஒரே வாரத்தில் வேர்வை போயிற்று.

ஆனால் விழிப்பு போகவில்லை. அதே மூன்று மணி. வேர்வையும் இல்லை, படபடப்பும் இல்லை, கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு படுத்திருந்தார். “எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “ஏழரைக்கு. வேற என்ன வேலை?” விரல் விட்டு எண்ணினோம். ஏழரையிலிருந்து மூன்று வரை ஏழரை மணி நேரம். அறுபது வயதைத் தாண்டியவர்கள் பலர் இரவில் தூங்குவதே ஆறு, ஏழு மணி நேரம்தான். அவருடைய தூக்கம் கெடவே இல்லை. விடிவதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் கணக்கும் இதேதான். எட்டுக்குப் படுத்தால் இரண்டரை, மூன்றுக்கு உடம்பு தன் பங்கை முடித்துக்கொண்டு எழுந்துவிடும். அதன் பிறகு விடிகிற வரை இருக்கும் மூன்று மணி நேரம்தான் உலகத்திலேயே நீளமானது. ராத்திரியைக் கழிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். படுக்கும் நேரத்தைப் பத்தரைக்குத் தள்ளினால் அந்த நீள நேரம் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்துவிடும். காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும், இரவு சரியாகத் தூங்காவிட்டாலும் சரி. சாயங்காலம் ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணயர்வதுதான் பெரிய திருடன். அந்த இருபது நிமிஷம் இரவுத் தூக்கத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், ஒன்பது மணிக்கே கண் சொக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் விழிப்பு நாலரை, ஐந்துக்கு நகரும். அந்த அம்மாவுக்கு மூன்றாவது வாரத்தில் நாலே முக்கால் ஆயிற்று. அது பால்காரர் வரும் நேரம், அதற்கப்புறம் வீதி விழித்துக்கொண்டுவிடும்.

கூடவே அந்த அல்பிரஸோலம். வாரத்தில் இரண்டு நாள், பாதி என்பதால் இன்னும் பழக்கமாகியிருக்காது, இன்றோடு நிறுத்திவிடலாம். தினமும் போடுபவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் திடீரென்று விட்டால் நடுக்கமும் தூக்கமின்மையும் இன்னும் மோசமாகும்; மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் எனக்கு இரண்டு பயம். ஒன்று, மூன்று மணிக்கு அதைப் போட்டுவிட்டு நாலு மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தால் கால் தள்ளாடும். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிவது பெரும்பாலும் இப்படி ஒரு சின்ன விழுகையில்தான். இன்னொன்று, சர்க்கரை இறங்கும்போது உங்களை எழுப்பிவிடுகிறதே அந்த வேர்வையும் படபடப்பும், அதுதான் உங்கள் காவல்காரன். மாத்திரை அவனையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும்.

இனி அடுப்பு. ஒருத்திக்காகப் பற்றவைக்க மனசு வரவில்லை என்கிறீர்கள். எனக்கென்னவோ, இதில் மனசை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்று தோன்றுகிறது. இத்தனை வருஷமும் உங்கள் சமையலை ஆரம்பித்துவைத்தது அடுப்பல்ல, ஒரு கேள்வி. “இன்னிக்கு என்ன டிபன்?” என்று ஹாலிலிருந்து ஒரு குரல் வந்திருக்கும். அந்தக் கேள்வி நின்றுபோயிற்று. ஆகவே கேட்பதற்கு ஓர் ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் மகள் தினமும் கூப்பிட்டு “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்பார் என்று நினைக்கிறேன். நீங்களும் “ஆச்சும்மா” என்றிருப்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லாத தாய் ஒருத்தி இருந்தால் நான் பார்க்க வேண்டும். நேரத்தையும் கேள்வியையும் மாற்றிவிடுங்கள். ஏழே முக்காலுக்கு வீடியோவில் கூப்பிடச் சொல்லுங்கள். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் தட்டும் உங்கள் தட்டும் தெரிய, பேசிக்கொண்டே சாப்பிடுங்கள். ஏழேகாலுக்கே அடுப்பு பற்றிவிடும், நீங்களே பாருங்கள். தினமும் முடியவில்லை என்றால் வாரத்தில் நாலு நாள் போதும்.

அளவு இன்னொரு தொல்லை. கை இரண்டு பேருக்கு அளந்தே பழகியது, மீந்துபோகிறது, மறுநாள் அதைப் பார்த்தாலே வெறுப்பு வருகிறது. அளவைக் குறைக்க முயல வேண்டாம், பாத்திரத்தை மாற்றுங்கள். கை பாத்திரத்தைப் பார்த்துத்தான் அளக்கும். இரண்டு லிட்டர் குக்கர், ஒரு கையகல வாணலி, ஒரு ஆள் சாதம் வடிக்கும் கிண்ணம். பெரியவற்றை மகள் வரும்போது எடுக்கிற மாதிரிப் பரணில் ஏற்றிவிடுங்கள். மதியம் குழம்பும் காயும் இரண்டு வேளைக்கே வையுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் தட்டில் கை வைப்பதற்கு முன்பே பாதியைச் சின்ன டப்பாவில் எடுத்து வைத்துவிட வேண்டும். சாப்பிட்ட பின் மிஞ்சியதை எடுத்து வைத்தால் அது மீதி; முன்பே எடுத்து வைத்தால் அது இராச்சாப்பாடு. இரவில் புதிதாகச் செய்ய வேண்டியது இரண்டு தோசை மட்டும். ஒரு டம்ளர் இட்லி அரிசிக்குக் கால் டம்ளர் உளுந்து, கொஞ்சம் வெந்தயம். கிரைண்டரில் இவ்வளவு சின்ன அளவு அரைபடாது, மிக்ஸியே போதும். முடியவில்லையா, கடையில் பாக்கெட் மாவு விற்கிறது. காலமெல்லாம் கையால் அரைத்தவர்கள் அதை வாங்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்துக்கு அதில் ஒன்றும் இல்லை.

வாரத்தில் இரண்டு நாள் அடை வார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி அரிசி, இரண்டு கைப்பிடி கடலைப்பருப்பும் துவரம்பருப்பும், இரண்டு மணி நேரம் ஊறல், இரண்டு மிளகாய் சேர்த்துக் கரகரவென்று அரைத்தால் இரண்டு நாளைக்கு வரும். அடையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வயதானவர் தனியாகும்போது தட்டிலிருந்து முதலில் காணாமல் போவது பருப்புதான். ரஸ்க், பிஸ்கட், ரசம்சாதம் என்று ஆகிவிடும். உங்கள் எடைக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் தினமும் ஐம்பது கிராமுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ புரதம் வேண்டும். அது இல்லாவிட்டால் உடம்பு தொடைச் சதையிலிருந்து எடுத்துக்கொள்ளும். எழுந்திருக்கும்போது நாற்காலிக் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் அதன் முதல் அடையாளம். ரவிக்கை தொளதொளத்தது கொழுப்பு குறைந்ததால் மட்டும் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு தடவை எடை பார்த்து எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57-க்குக் கீழே வந்திருந்தால், தைராய்டு உட்பட மற்ற காரணங்களையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

அவருக்குப் பிடித்தது என்று சில பண்டம் இருக்கும். அதைச் செய்யக் கை எழவில்லை என்றால் இப்போது விட்டுவிடுங்கள், கட்டாயமில்லை. மேடை ஓரத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவது மட்டும் வேண்டாம். அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு எதிரில் இருக்க முடியவில்லை என்றால் மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கள். மேஜையைத் திருப்பிப் போட்டதற்காக அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தவர்கள் இருக்கிறார்கள், அப்புறம் அங்கேயேதான் சாப்பிடுகிறார்கள்.

சாயங்காலத்துக்கு வருகிறேன். கும்பகோணத்தில் ஒரு அம்மாளுக்கு மாலை என்றால் கோயில்தான். அதையும் அடைத்துவிட்டால் ஐந்து மணியிலிருந்து எங்கே போவது? சாஸ்திரத்தில் நான் தலையிட மாட்டேன். உங்கள் குடும்பத்து வாத்தியாரிடம் நீங்களே கேளுங்கள், ஓரகத்தி மூலமாக வேண்டாம். ஒவ்வொரு குடும்பத்திலும் வழக்கம் வேறு, கேட்டால் பலர் தளர்த்திவிடுவார்கள். ஆனால் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்க யாருடைய உத்தரவும் வேண்டாம். ஐந்தேகாலுக்குக் கிளம்பி ஆறேகாலுக்குத் திரும்புங்கள். மாலை வெயில் கண்ணில் படுவது உடம்புக்கு “இன்னும் இரவாகவில்லை” என்று சொல்வது மாதிரி, பத்தரை வரை விழித்திருக்க அது கைகொடுக்கும். காபியை மட்டும் நாலு மணிக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்துக்காரரிடம் ஆறு மணிக் காபியை விடச் சொல்வது பாவம்தான், தெரிந்தே சொல்கிறேன்.

இரவு எட்டிலிருந்து பத்தரை வரைதான் உண்மையில் கடினமான பகுதி. டிவி அதற்கு உதவாது, சாய்ந்து உட்கார வைத்துத் தூங்கப் பண்ணிவிடும். கைக்கு வேலை கொடுக்கிற, இன்னொருவர் காத்திருக்கிற ஒரு காரியம் வேண்டும். நான் சொன்ன அம்மா பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு எட்டு மணிக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். வாய்ப்பாடு ஒப்பிக்கும் குழந்தைக்கு எதிரில் கண்ணயர முடியாது. உங்களுக்கு எது கைவருமோ தெரியாது: மறுநாளைக்குப் பூக்கட்டிக் கொடுப்பதோ, தையலோ, அமெரிக்கப் பேரப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருவதோ. கடைசியாகச் சொன்னதில் ஒரு சௌகரியம் உண்டு, நமக்கு இரவு ஒன்பது மணி என்றால் அங்கே காலை.

பத்தரைக்குப் படுத்தும் நடுவில் விழிப்பு வந்தால், வேர்வை இல்லை என்று உறுதியான பிறகு, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். தூக்கம் திரும்பாது என்று தோன்றினால் எழுந்து ஹாலுக்கு வந்துவிடுங்கள். சின்ன விளக்கில், சுவாரசியமில்லாத ஏதாவது செய்யுங்கள். ஸ்ரீராமஜெயம் எழுதலாம், துவைத்த துணியை மடிக்கலாம். கண் சொருகும்போது மட்டும் கட்டிலுக்குப் போங்கள். விழித்துக்கொண்டே புரண்டால், கட்டிலைக் கண்டாலே தூக்கம் கலைகிற அளவுக்கு உடம்பு பழகிவிடும்.

அந்தக் கேட் கொக்கிச் சத்தத்துக்காக நீங்கள் பயப்பட வேண்டாம், மூளை கலங்கிவிட்டதோ என்றும் நினைக்க வேண்டாம். 1971-ல் டேவி ரீஸ் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் இதைக் கேட்டு எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர், இறந்தவரைப் பக்கத்தில் உணர்ந்ததாகவோ குரல் கேட்டதாகவோ பார்த்ததாகவோ சொன்னார்கள். பலருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதற்கு முன் யாரிடமும் வாய் திறந்ததே இல்லை. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துப் பழகிய மூளை, அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடாது. சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தீர்கள் அல்லவா, அதில் வியாதி ஒன்றும் இல்லை. யாரும் இல்லாத குரல் உங்களைத் திட்டினாலோ ஏவினாலோ, பகலில் ஆள் அடையாளம் குழம்பினாலோ மட்டும் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒன்று நேராகக் கேட்கிறேன். அவர் போன இடத்துக்கே போய்விடலாம், அதற்கு வழி செய்துகொள்ளலாம் என்று நினைப்பு ஓடுகிறதா? ஓடினால் விடியக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், மகளையும் எழுப்பலாம். மீதி இருக்கும் அந்த மாத்திரை அட்டையை எப்படியும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

பத்து நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். படுக்கும்போது மீட்டர் காட்டிய எண், மூன்று மணிக்குக் காட்டிய எண், எடை, அன்றன்று இரவு தட்டில் என்ன இருந்தது. இவ்வளவு போதும், மீதியை நான் அதிலிருந்தே படித்துக்கொள்வேன்.